எழுதித் தருவதற்கு முன் கேட்டறியுங்கள்

இடம்பெயர்ந்த எமது மக்கள் வாழும் ஒவ்வோர் ஊரிலும் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் இளைப்பாறிய ஆசிரியராகவோ, சங்கக்கடையில் கணக்கெழுதியவராகவோ, உயர்தரம் படித்த ஒரு பிள்ளையாகவோ இருக்கலாம். கந்தோருக்கு ஒரு மகஜர் கொடுக்க வேண்டுமானால் எல்லோரும் அவரிடமே போவர். வெறுங்கையோடு போகிறவர்கள் குறைவு. தாங்களே ஒரு கொப்பித் தாளில் நாலைந்து வரி எழுதிக்கொண்டு போய், "இதை ஒருக்கா வடிவாக எழுதித் தாருங்கோ" என்பார்கள்.

அந்த "வடிவாக" என்ற சொல்லைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். வடிவாக எழுதுவது என்றால் எழுத்துப் பிழை திருத்தி, பேச்சு வழக்கைச் செந்தமிழாக்கி, "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி வைப்பது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். எனது கருத்து வேறு. கொண்டுவந்த கடிதம் யாருக்குப் போகிறது, அதனால் என்ன நடக்கவேண்டும் என்பது தெளிவாக இல்லாதபோது, அதைக் கேட்டறியாமல் பேனையை எடுப்பது உதவியாகாது. எழுதிக் கொடுப்பவர் தம் மனதில் நினைத்ததை எழுதுகிறார், கையொப்பம் வைப்பவரோ வேறொருவர். பின்னர் அந்தத் தாள் கோவையில் இருந்து பேசும்போது கையொப்பம் வைத்தவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது எந்த ஒரு குடும்பத்தின் கடிதமும் அன்று. விளங்கிக்கொள்வதற்காக நான் அமைத்தது. ஆனால் இத்தகைய கடிதங்களை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் வைத்திருந்து, 2008இல் இடம்பெயர்ந்து, இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கும் ஒரு முதியவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம்.

"கனம் ஐயா அவர்களுக்கு, நாங்கள் 2008இல் இடம்பெயர்ந்து போனோம். 2010இல் எங்கட மூன்று ஏக்கர் வயலையும் மச்சானிட்ட குடுத்தனாங்கள். அவர் செத்துப்போனார். இப்ப மருமகன்தான் செய்யிறார். நான் மகளோட ஒதுங்கி இருக்கிறன். எனக்கும் வயது போட்டுது. ஐயா இதுக்கு ஒரு முடிவு எடுத்துத் தரவேணும்."

இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. வாசிப்பவருக்கு மனமும் இளகும். எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் இதைக் கையில் எடுத்தவுடன், "காணியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்று விளங்கிக்கொண்டு, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு இப்படி எழுதுவார்: "எனக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் வயற்காணியை எனது மருமகன் சட்டவிரோதமாக அபகரித்து வைத்துள்ளார். அவரை உடனடியாக வெளியேற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்." தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் முதியவர் எழுதியதில் "அபகரித்து" என்ற சொல் இல்லை, "சட்டவிரோதம்" இல்லை, "வெளியேற்று" என்பதும் இல்லை. அவர் எழுதிய "குடுத்தனாங்கள்" என்ற சொல்லோ காணாமற் போய்விட்டது. திருத்தியவர் மொழியை மட்டுமல்ல, நடந்ததையும் மாற்றிவிட்டார்.

இப்போது மூலக் கடிதத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அதில் நான்கு சொற்கள் இரண்டுபட நிற்கின்றன.

முதலாவது, "ஐயா". கிராம அலுவலரும் ஐயா, பிரதேச செயலாளரும் ஐயா, பொலிஸ் பொறுப்பதிகாரியும் ஐயா, மத்தியஸ்த சபைத் தவிசாளரும் ஐயா. இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கடிதத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு விதமான வேலை நடக்கும்.

பொலிசையே எடுத்துக்கொள்வோம். காணிப் பிணக்கினால் சமாதானக் குலைவு ஏற்படலாம் என்று பொலிசார் கண்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பர். அந்த வழக்கில் காணி யாருக்குச் சொந்தம் என்பது தீர்க்கப்படுவதில்லை. அறிக்கை கொடுக்கப்பட்ட நாளில் காணி யாருடைய கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்களா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். நமது முதியவரின் வயலைப் பல போகங்களாக மருமகனே செய்கிறார். ஆகவே தகுந்த நீதிமன்றம் உரிமையைத் தீர்க்கும்வரை அவரே தொடர்ந்து இருக்கலாம் என்ற கட்டளை வருவதற்கே இடமுண்டு. வெளியேற்றச் சொல்லி எழுதிய கடிதம், இருப்பவரை இருத்திவிடும் கட்டளையில் போய் முடியும். கடிதத்தின் தமிழில் குறையில்லை, அது தட்டிய கதவுதான் பிழை.

இரண்டாவது, "குடுத்தனாங்கள்". எமது பேச்சில் இந்தச் சொல் எதையெல்லாம் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விற்றதையும் கொடுத்தது என்போம். குத்தகைக்கு விட்டதையும், வாரத்துக்கு விட்டதையும், "நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று சொல்லி விட்டதையும், இனாமாக எழுதிக் கொடுத்ததையும் கொடுத்தது என்றே சொல்வோம். வீட்டில் பேசும்போது இதனால் குழப்பம் இல்லை, கேட்பவருக்கு நடந்தது தெரியும். கந்தோரில் இருப்பவருக்குத் தெரியாது.

இதன் பாரம் காணியின் வகையைப் பொறுத்து மாறும். உறுதிக் காணியானால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக, தனக்கென்று, இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டவர் அந்தக் காணிக்கு உரித்துக் கேட்கலாம் என்பது அச்சட்டம். சொந்தக்காரரின் சம்மதத்தோடு உள்ளே வந்து, அவருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர் அப்படி இலகுவில் கேட்க முடியாது. எனவே "பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தேன்" என்பதற்கும் "அவர் 2010இலிருந்து தனதென்று பிடித்து வைத்திருக்கிறார்" என்பதற்கும் இடையில் ஒரு காணியே கைமாறும் அளவு தூரம் இருக்கிறது. "அபகரித்தார்" என்று வீராப்பாக எழுதிக் கொடுத்தவர், எதிராளி சொல்ல வேண்டியதைத் தாமே முதியவரின் கையொப்பத்தோடு எழுதிக் கொடுத்தவர் ஆகிறார்.

அதுவே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியானால், நாம் பெர்மிட் காணி என்று சொல்வதானால், கதை வேறு. அத்தகைய காணிக்கு ஆண்டு வந்ததைக் காட்டி உரித்துக் கேட்க முடியாது. ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதை மற்றவருக்குக் கைமாற்றவும் முடியாது. நிபந்தனையை மீறினால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதற்கான அறிவித்தல் வரலாம். இங்கே "மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று விளக்கமின்றி எழுதுவது, கைமாற்றிவிட்டேன் என்று தாமே சொல்வது போலாகிவிடும். "விட்டுவிட்டுப் போனோம்" என்று எழுதுவதும் அப்படியே. யுத்தத்தால் வெளியேறியவருக்கும் காணியைக் கைவிட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சொல் அழித்துவிடும்.

மூன்றாவது, "மருமகன்". மகளைக் கட்டியவரும் மருமகன், மச்சானின் மகனும் மருமகன். கடிதத்தில் அடுத்த வரியிலேயே "மகளோட இருக்கிறன்" என்று வருகிறது. அறியாத ஒருவர் இதை வாசித்தால், மகளின் கணவர் வயலைச் செய்கிறார் என்றும், "குடுத்தனாங்கள்" என்பது சீதனமாகக் கொடுத்தது என்றும் விளங்கிக்கொள்ளலாம். அப்படியானால் பிணக்கே இல்லையே என்று கடிதத்தை ஒருபக்கம் வைத்துவிடுவார்.

நான்காவது, "ஒரு முடிவு". வயல் திரும்பி வரவேண்டுமா? விளைவில் பங்கு வேண்டுமா? வேறு காணி வேண்டுமா? இருக்க வீடு வேண்டுமா? கடிதம் சொல்லவில்லை. எழுதித் தருபவர் ஊகித்துக்கொள்ளவும் கூடாது.

இனி எப்படிக் கேட்பது என்று பார்ப்போம். எமது மக்கள் கேள்விகளால் களைத்தவர்கள். முகாமில் பதிவு, சோதனைச் சாவடியில் பதிவு, நிவாரணத்துக்குப் பதிவு, மீள்குடியேற்றத்துக்குப் பதிவு என்று ஒரே கதையைப் பலருக்குச் சொன்னவர்கள். ஆகவே "எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லுங்கோ" என்று தொடங்குவது நல்லதல்ல. கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் முதலில் உங்கள் மனதுக்குள் சோதித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பதில் வந்தால் ஒருவிதமாகவும், மற்றப் பதில் வந்தால் வேறுவிதமாகவும் கடிதம் மாறுமா? மாறுமானால் கேளுங்கள். மாறாதானால் கேட்க வேண்டாம். பிள்ளைகள் எத்தனை பேர், எந்த முகாமில் இருந்தீர்கள், எவ்வளவு இழந்தீர்கள் என்பவை இந்தக் கடிதத்தை மாற்றப் போவதில்லை. அவற்றைக் கேட்பது ஆறிவரும் புண்ணைக் கிளறுவதாகும்.

இந்தச் சோதனையில் தேறுபவை ஐந்துதான். கேட்கும் ஒழுங்கும் முக்கியமானது. என்ன வேண்டும் என்பதை முதலில் கேட்க வேண்டும், யாருக்கு என்பது அதிலிருந்தே பாதி தெரிந்துவிடும். சந்தேகம் வரும் இடத்தில் தெரிவுகளைச் சொல்லிக் கேட்டால் பதில் இலகுவாகும். ஆனால் கடைசியில் "வேறு மாதிரியோ" என்று ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் சொன்ன இரண்டில் ஒன்றை மரியாதைக்காக ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். நமது முதியவரோடு பேச்சு இப்படிப் போகலாம்.

"ஐயா, இந்தக் கடிதத்தைக் குடுத்த பிறகு என்ன நடந்தால் உங்களுக்கு நிம்மதி?"

"தம்பி, எனக்குப் பிறகு இந்த வயல் ஆருக்கு என்று தெரியாமல் கிடக்கு. மகளின்ர பேருக்கு வரவேணும். அதுதான்."

"இப்ப செய்யிற மருமகன் ஆர்? மகளின்ர மனுசனோ, மச்சானின்ர மகனோ?"

"மச்சானின்ர பொடியன். நல்ல பொடியன்தான்."

"உறுதிக் காணியோ, பெர்மிட்டோ? ஆற்ற பேரில கிடக்கு?"

"பெர்மிட். என்ர பேரில. தாளின்ர பிரதி ஒன்று வைச்சிருக்கிறன்."

"மச்சானிட்ட எப்பிடிக் குடுத்தனீங்கள்? வித்தோ, குத்தகைக்கோ, பார்க்கச் சொல்லியோ, வேற மாதிரியோ?"

"வித்தோ! அவர் முதலில திரும்பிப் போனவர். வயலைப் பத்த விடாமல் செய்யடா, நான் வாறன் என்றனான். போகத்துக்குப் போகம் நாலு மூட்டை நெல்லு அனுப்புவார். அவர் செத்த பிறகு அதுவும் இல்லை."

"அப்ப, பொடியனை எழும்பச் சொல்லிக் கேட்கப் போறியளோ?"

"சீ, சீ. அவன் உழுது விதைச்சதை நான் ஏன் கெடுப்பான்? பேர்தான் என்ர மகளுக்கு வரவேணும்."

ஐந்து கேள்விகள், பத்து நிமிடமும் ஆகாது. பொலிசுக்குப் போகவிருந்த கடிதம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அவருக்குத் தேவைப்பட்டது பின்னுரித்தாளர் நியமனம். அனுமதிப்பத்திரம் பெற்றவர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் குறித்துப் பதிவு செய்து வைக்க அச்சட்டமே இடம் தருகிறது. பிள்ளைகள், அதாவது மகனோ மகளோ, அப்படிக் குறிக்கப்படக் கூடியவர்கள். இது பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நடக்கும் வேலை. மருமகனை வெளியேற்றுவது அவரது எண்ணத்திலேயே இல்லை. மூலக் கடிதத்தை எவ்வளவு கூர்மையாக வாசித்திருந்தாலும் இதைக் கண்டிருக்க முடியாது. "ஒரு முடிவு" என்ற சொல்லுக்குள் அவர் வைத்த பொருளை அவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

இந்தப் பதில்களைக் கொண்டு எழுதும் கடிதம் நீளமாக வேண்டியதில்லை.

"பிரதேச செயலாளர் அவர்கட்கு. காணி அனுமதிப்பத்திரத்திற்குப் பின்னுரித்தாளரை நியமித்தல். மேற்படி அனுமதிப்பத்திரத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். 2008இல் யுத்தம் காரணமாக இக்காணியிலிருந்து இடம்பெயர்ந்தேன். வயல் தரிசாகப் போகாதபடி 2010 முதல் எனது மைத்துனரும், அவர் இறந்தபின் அவரது மகனும் எனது சம்மதத்துடன் பயிர் செய்து வருகின்றனர். இக்காணியை நான் எவருக்கும் விற்கவோ கைமாற்றவோ இல்லை. எனக்குப் பின் எனது மகளைப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதிவு செய்வதற்கு நான் செய்ய வேண்டியவற்றை அறியத் தருமாறு வேண்டுகிறேன்."

இங்கே "மருமகன்" என்ற சொல்லுக்குப் பதிலாக "மைத்துனரின் மகன்" என்ற கருத்து வந்திருக்கிறது. "குடுத்தனாங்கள்" என்பதற்கு நடந்தது என்னவோ அதுவே வந்திருக்கிறது. நெல் மூட்டை பற்றிய செய்தி இல்லை. அதை மறைப்பதற்காக விட்டதாகக் கொள்ள வேண்டாம். கேட்கும் காரியத்துக்கு அது தேவையில்லை, விசாரணையில் கேட்டால் அவர் உள்ளதைச் சொல்வார். எதை எழுதுவது, எதை விடுவது என்பதையும் அவருக்குச் சொல்லியே செய்ய வேண்டும்.

பேச்சின்போது இன்னுமொன்று வெளிவந்தது. மருமகனோடு அவர் இதுபற்றிப் பேசவே இல்லை. கந்தோரிலிருந்து விசாரணைக் கடிதம் போய், அதன்மூலம் அந்தப் பொடியன் அறிய நேர்ந்தால், மாமா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றே நினைப்பான். ஆகவே அவனுக்கும் ஒரு கடிதம் வேண்டும். அதற்குச் செந்தமிழ் உதவாது. "தம்பி, வயலை நீ செய்யிறதில எனக்கு மனக்குறை இல்லை. பெர்மிட் தாளில எனக்குப் பிறகு தங்கச்சியின்ர பேரைப் போடப் போறன். கந்தோரால கேட்டால் யோசியாதை. அறுவடை முடிய வா, இருந்து கதைப்பம்." நடந்தது ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு கடிதம். பிரதேச செயலாளருக்கு எழுதியதன் பிரதியை அவனுக்கு அனுப்பியிருந்தால் "எவருக்கும் கைமாற்றவோ இல்லை" என்ற வரி ஒன்றே உறவை முறித்திருக்கும்.

கேட்கும்போது ஒரு தவறு நேர இடமுண்டு. சட்டம் ஓரளவு தெரிந்தவர்கள், எந்தப் பதில் இலாபம் என்பதை அறிந்து, அந்தப் பக்கமாகக் கேள்வியைச் சாய்த்துவிடுவார்கள். "பார்க்கச் சொல்லித்தானே குடுத்தனீங்கள், அப்பிடித்தானே?" என்று கேட்டால், களைத்த மனிதர் "ஓம்" என்பார். உண்மையில் அவர் காசு வாங்கி விற்றிருந்தால், மற்றவர் கையில் ஒரு துண்டு இருக்கும், அது விசாரணையில் வெளிவரும். அப்போது பொய்யர் என்ற பெயர் அவருக்கே வரும், கேள்வியைச் சாய்த்தவருக்கு வராது. பதிலை நாம் ஊட்டாமல் கேட்டு வைக்க வேண்டும். காசு கைமாறியது, உறுதி எழுதப்பட்டது, வழக்கொன்று நடக்கிறது என்று பதில் வந்தால் கடிதம் எழுதுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கோ ஒரு சட்டத்தரணியிடமோ அனுப்ப வேண்டும். அது எழுதுவினைஞரின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

"இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது எழுதி முடிப்பது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாக் கடிதங்களுக்கும் இது தேவையில்லை. "எனது அடையாள அட்டை தொலைந்துவிட்டது, புதியது பெறக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால், யாருக்கு, எதற்கு என்பது அதிலேயே இருக்கிறது. பிழை திருத்திக் கொடுத்துவிடுங்கள். அங்கேயும் கேள்வி மேல் கேள்வி கேட்பது வந்தவரை அலைக்கழிப்பதாகும். சிறிய சந்தேகமானால் எழுதிவிட்டு, "இந்த இடத்தில் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியோ" என்று வாசித்துக் காட்டினால் போதும். முன்கூட்டிக் கேட்க வேண்டியது, பிழையாக விளங்கிக்கொண்டால் கடிதம் வேறொருவரிடம் போகும் அல்லது வேறொன்றைக் கேட்கும் என்ற நிலையில்தான்.

எழுதியவர் முன்னால் இல்லாத வேளையும் உண்டு. தகப்பன் எழுதிய தாளை பேரப்பிள்ளை கொண்டுவருவான். "அப்பப்பா எழுதித் தரட்டாம்" என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தொலைபேசி இருக்கிறது, ஒரு அழைப்பில் கேட்டுவிடலாம். அதுவும் இயலாதானால் தெளிவான பகுதியை மட்டும் திருத்தி, தெளிவில்லாத சொல்லை அவர் எழுதியபடியே விட்டு, அதன் கீழ் பென்சிலால் கோடிட்டு, "இது விற்றதோ, பார்க்கச் சொன்னதோ என்று கேட்டு எழுதவும்" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். விண்ணப்ப முடிவு நாள் நெருங்கியிருந்தால் "எனது சம்மதத்துடன்" போன்ற ஒரு சொல்லைக்கூட ஊகத்தில் சேர்க்காமல், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி, "விபரங்களை நேரில் தெரிவிப்பேன்" என்று முடிக்கலாம். குறைவாகச் சொன்ன கடிதத்துக்குப் பின்னர் விளக்கம் சேர்க்க முடியும். பிழையாகச் சொன்னதைக் கோவையிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

கடிதம் கொண்டுபோகும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதித் தருபவர் கேள்வி கேட்டால், உங்களைச் சந்தேகிக்கிறார் என்று எண்ணாதீர்கள். ஒன்றும் கேட்காமல் மளமளவென்று எழுதிக் கையொப்பம் வாங்குபவரிடமே சற்று நின்று யோசியுங்கள். எழுதி முடிந்ததும் முழுவதையும் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத ஒரு சொல் காதில் விழுந்தால், அது எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும், "இது நான் சொன்னதில்லை" என்று சொல்லுங்கள். நீங்கள் முதலில் எழுதிய கொப்பித் தாளையும் எறியாமல் புதிய கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதற்கு அந்தக் கசங்கிய தாள்தான் சாட்சி.